நரம்புத் தசை நோய்களில் சுவாசச் செயலிழப்பு இரவில் தொடங்குவது ஏன்? எச்சரிக்கை அறிகுறிகளும் முன்கூட்டிய திட்டமிடலும்

புதுதில்லி: நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாத ஒருவருக்கும் சுவாசச் செயலிழப்பு ஏற்படக்கூடும். மார்பு எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியாது. விரலில் பொருத்தப்படும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் பகலில் 96, 97 என்றே காட்டும். ஆனால், நுரையீரலை விரித்துச் சுருக்கும் தசைகள் மெல்ல வலுவிழந்து வருவதால், உடலுக்குள் கரியமில வாயு தேங்கத் தொடங்கியிருக்கும். மூளை, தண்டுவடம், நரம்பு, தசை ஆகியவற்றைப் பாதிக்கும் பல நோய்களில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணமாக அமைவது இதுவே.

இயக்க நரம்பணு நோய் எனப்படும் ஏ.எல்.எஸ்., டுஷென் தசைநார்ச் சிதைவு, முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு, மயஸ்தீனியா கிராவிஸ், கியான்-பாரே நோய் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. இவற்றுள், நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சுவாசத் தசைகளைப் படிப்படியாகப் பாதிக்கும் ஏ.எல்.எஸ். நோயை மையமாகக் கொண்டு, இந்தப் பாதிப்பை எவ்வாறு முன்னதாக அறிவது, இரவு நேரச் சுவாசக் கருவி எவ்வாறு உதவுகிறது, குடும்பத்தினர் எவற்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடை போன்ற வடிவில் அமைந்துள்ள தசை உதரவிதானம் ஆகும். அது கீழிறங்கும்போது மார்புக்கூடு விரிந்து, காற்று உள்ளே வருகிறது. இயல்பான சுவாசத்தின் பெரும் பகுதியை இந்த ஒரு தசையே நிறைவேற்றுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் அதற்குத் துணை நிற்கின்றன.

உதரவிதானம் வலுவிழக்கத் தொடங்கும்போது, பகலில் துணைத் தசைகள் கூடுதலாக உழைத்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகின்றன. அமர்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் வயிற்று உறுப்புகள் புவியீர்ப்பால் கீழ்நோக்கி இழுக்கப்படுவதால், உதரவிதானத்தின் வேலையும் சற்று எளிதாகிறது. ஆகவே நோயாளிக்குப் பெரிய சிரமம் எதுவும் தெரிவதில்லை.

படுத்தவுடன் நிலைமை மாறுகிறது. வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அதன் பின்னர், கனவுகள் தோன்றும் உறக்க நிலையில், உடலின் பெரும்பாலான தசைகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகின்றன. இது எல்லா மனிதர்களிடமும் நிகழும் இயல்பான மாற்றம். ஆனால் அந்த நேரத்தில் துணைத் தசைகள் ஓய்ந்துவிட, சுவாசத்தின் முழுச் சுமையும் உதரவிதானத்தின் மீது விழுகிறது. வலுவிழந்த உதரவிதானத்தால் அச்சுமையைத் தாங்க இயலாது. மூச்சு மேலோட்டமாகிறது, கரியமில வாயு வெளியேறாமல் தேங்குகிறது, ஆக்சிஜன் அளவு குறைகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து உறக்கத்தைக் கலைக்கிறது. விழித்ததும் துணைத் தசைகள் மீண்டும் இயங்குகின்றன. இந்தச் சுழற்சி ஓர் இரவில் பலமுறை நிகழக்கூடும்.

நாளடைவில், உயர்ந்த கரியமில வாயு அளவுக்கு மூளை பழகிவிடுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட் எனும் காரப்பொருளைத் தேக்கி, இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சமன்செய்கின்றன. இதனால் எச்சரிக்கை மணி மந்தமாகி, இரவில் தொடங்கிய பாதிப்பு பகலுக்கும் பரவுகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இந்நோயாளிகளில் பலர் "மூச்சு வாங்குகிறது" என்று முதலில் கூறுவதில்லை. கை, கால்கள் வலுவிழந்து நடமாட்டம் குறைந்துவிடுவதால், மூச்சு வாங்கும் அளவுக்கு அவர்கள் உழைப்பதே இல்லை. எனவே, உறக்கம் தொடர்பான மாற்றங்களே பெரும்பாலும் முதல் அறிகுறிகளாக வெளிப்படுகின்றன.

காலையில் எழுந்தவுடன் மந்தமான தலைவலி இருந்து, ஓரிரு மணி நேரத்தில் தானாகவே தணிவது அவற்றுள் ஒன்று. இரவில் தேங்கிய கரியமில வாயு மூளையின் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதே இதற்குக் காரணம். இரவில் அடிக்கடி விழிப்பு, கெட்ட கனவுகள், பகலில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்தல், கவனச்சிதறல், பசியின்மை ஆகியனவும் இதே காரணத்தால் ஏற்படலாம். இவற்றை மனச்சோர்வு என்றோ, நோயால் வந்த அசதி என்றோ எண்ணித் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்தானது. பல தூக்க மாத்திரைகள் சுவாசத்தை மேலும் மந்தப்படுத்தக்கூடியவை.

நோயாளி மல்லாந்து படுக்க மறுப்பது மற்றோர் அறிகுறி. முதலில் ஒரு தலையணை, பின்னர் இரண்டு, மூன்று என்று கூடி, இறுதியில் சாய்வு நாற்காலியிலேயே உறங்கும் நிலை வரும். படுத்திருக்கும்போது மூச்சை உள்ளிழுக்கையில் வயிறு மேலெழுவதற்குப் பதிலாக உள்ளே குழிந்தால், உதரவிதானம் செயலிழந்து வருகிறது என்று பொருள். வீட்டில் உள்ளவர்களே இதைக் கண்டறிய முடியும்.

பேச்சிலும் மாற்றம் தெரியும். ஒரு நீண்ட வாக்கியத்தைப் பேசி முடிக்க இடையிடையே மூச்செடுக்க வேண்டியிருக்கும். குரல் தணியும். தும்மல், இருமல், மூக்கை உறிஞ்சுதல் ஆகியவற்றின் விசை குறையும். முழு மூச்சை இழுத்துவிட்டு, சீரான வேகத்தில் எண்களை உரக்கச் சொல்லச் செய்யும் எளிய சோதனையை மருத்துவர்கள் படுக்கையருகே மேற்கொள்வதுண்டு. ஒரே மூச்சில் 20 வரை எண்ண இயலாவிட்டால் அது கவலைக்குரியது. எனினும், நாக்கும் தொண்டையும் பாதிக்கப்பட்டுப் பேச்சு குழறுபவர்களிடம் இச்சோதனை சரியான விடையைத் தராது.

ஆக்ஸிமீட்டர் எண்ணை மட்டும் நம்பலாமா?

கொரோனா காலத்துக்குப் பின்னர் பல வீடுகளில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உள்ளது. அந்தக் கருவி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை மட்டுமே அளவிடுகிறது. கரியமில வாயுவை அளவிடுவதில்லை. தசை பலவீனத்தால் வரும் சுவாசச் செயலிழப்பின் அடிப்படைக் கோளாறு கரியமில வாயு வெளியேறாமையே. நுரையீரல் நல்ல நிலையில் இருப்பதால், பகலில் ஆக்சிஜன் அளவு நெடுநாள் வரை இயல்பாகவே இருக்கும். அது குறையத் தொடங்கும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கக்கூடும்.

இதனுடன் தொடர்புடைய மற்றோர் ஆபத்தும் உண்டு. இரவில் ஆக்சிஜன் அளவு 86 எனக் குறைந்ததைக் கண்ட குடும்பத்தினர், ஆக்சிஜன் செறிவூட்டியை வாடகைக்கு எடுத்து மூக்கில் குழாயைப் பொருத்திவிடுகின்றனர். கருவியில் எண் உடனே 97-க்கு உயரும். நோயாளி நிம்மதியாக உறங்குவது போலத் தோன்றும். உண்மையில், மூச்சின் அளவு சிறிதும் பெருகவில்லை. ஆக்சிஜன் குறைவதால் மூளைக்குச் சென்றுகொண்டிருந்த எச்சரிக்கையும் இப்போது நின்றுவிடுவதால், மூச்சு மேலும் மந்தமாகிறது. கரியமில வாயு உயர்ந்து, நோயாளி காலையில் எழுப்பியும் எழாத மயக்க நிலைக்குச் செல்லலாம்.

ஆகவே, தசை பலவீனம் உள்ளவருக்கு ஆக்சிஜன் குறைகிறது என்றால், அவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சை உள்ளே தள்ளித் தரும் கருவியே. நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றும் சேர்ந்திருந்தால் ஆக்சிஜன் தேவைப்படலாம். அப்போதும் கருவியின் வழியாக, கரியமில வாயு அளவைக் கண்காணித்தபடியே அதைத் தருவது முறை.

பரிசோதனைகள்: ஓர் எடுத்துக்காட்டு

ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சுவாசப் பரிசோதனை செய்யப்படுவது வழக்கம். அதில் என்ன பார்க்கப்படுகிறது என்பதை விளக்க, 56 வயதான, 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓராண்டுக்கு முன்னர் கையில் பலவீனம் தொடங்கி, ஏ.எல்.எஸ். என உறுதிசெய்யப்பட்டவர். காலைத் தலைவலியும் பகல் நேர உறக்கமும் இருப்பதாகக் குடும்பத்தினர் கூறுகின்றனர். பகலில் ஆக்சிஜன் அளவு 96 சதவீதம்.

முதலில் ஸ்பைரோமீட்டர் கருவியில் முழு மூச்சையும் இழுத்து, வேகமாக ஊதச் செய்கின்றனர். அவரது வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவு 3.4 லிட்டர். அமர்ந்த நிலையில் அவர் ஊதியது 2.1 லிட்டர், அதாவது 62 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அவசரம் எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால், அவரைப் படுக்கவைத்து மீண்டும் ஊதச் செய்தபோது அளவு 1.4 லிட்டராகச் சரிந்தது. நலமாக உள்ளவர்களுக்கும் படுக்கும்போது சிறிது குறையும் என்றாலும், இவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்துள்ளது. உதரவிதானம் கணிசமாக வலுவிழந்துள்ளது என்பதற்கான தெளிவான சான்று இது.

அடுத்து, ஒரு நாசித் துளையில் சிறு அடைப்பானைப் பொருத்தி, மற்றொன்றின் வழியே பலமாக உறிஞ்சச் செய்து, மூக்கில் உண்டாகும் அழுத்தத்தை அளக்கின்றனர். 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குக் கீழே இருந்தால் சுவாசக் கருவி குறித்துப் பரிசீலிக்க வேண்டும். இவருக்கு 34. வாயை இறுக மூட இயலாமல் ஸ்பைரோமீட்டரில் சரியாக ஊத முடியாதவர்களுக்கு இச்சோதனை கூடுதலாகப் பயன்படுகிறது.

மூன்றாவதாக, மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யப்படும் வாயுப் பரிசோதனை. கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. இவருக்கு 52. பைகார்பனேட் 31, இயல்பான உச்ச வரம்பு 26 அளவில்தான் இருக்கும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7.39, அதாவது இயல்பு நிலை. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால், கரியமில வாயு நேற்றோ இன்றோ உயரவில்லை என்பதும், சிறுநீரகம் ஈடுசெய்யும் அளவுக்குப் பல வாரங்களாகவே தேங்கியுள்ளது என்பதும் புலனாகும். அவருக்கு இரவு நேரச் சுவாசக் கருவியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

சர்வதேச அளவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்களின்படி, மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கப்படும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே சென்றாலோ, 80 சதவீதத்துக்குக் கீழே இருந்து அறிகுறிகளும் காணப்பட்டாலோ, பகலில் கரியமில வாயு 45-க்கு மேல் இருந்தாலோ சுவாசக் கருவி குறித்து நோயாளியிடம் பேச வேண்டும். ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும்; அனைத்தும் சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரவு நேரக் கருவி எவ்வாறு செயல்படுகிறது?

பேச்சுவழக்கில் 'பைபாப்' என அழைக்கப்படும் இக்கருவி, குழாயைத் தொண்டைக்குள் செலுத்தாமல், மூக்கின் மீதோ மூக்கையும் வாயையும் சேர்த்தோ பொருத்தப்படும் மாஸ்க் வழியாகக் காற்றைத் தருகிறது. நோயாளி மூச்சை இழுக்கத் தொடங்கியதும் கருவி அதை உணர்ந்து, உயர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்துகிறது. மூச்சை விடும்போது அழுத்தம் தணிகிறது. இவ்விரு அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடே, வலுவிழந்த தசைக்குப் பதிலாக நுரையீரலை விரிக்கும் விசையாகும்.

குறட்டை தொடர்பான உறக்க மூச்சடைப்புக்குத் தரப்படும் 'சிபாப்' கருவி இதனின்று வேறுபட்டது. அது ஒரே அளவான அழுத்தத்தை மட்டும் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது; மூச்சை உள்ளே தள்ளுவதில்லை. தசை பலவீனம் உள்ளவருக்கு அது போதாது. கருவியை வாங்குமுன் இந்த வேறுபாட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அத்துடன், நோயாளியால் மூச்சைத் தொடங்க இயலாதபோது தானாகவே மூச்சைத் தரும் மாற்று வேக வசதி உள்ள மாதிரியே இந்நோயாளிகளுக்கு உகந்தது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு, உள்மூச்சு அழுத்தம் 10, வெளிமூச்சு அழுத்தம் 4, நிமிடத்துக்கு 14 மூச்சு என்ற மாற்று வேகம் ஆகியவற்றுடன் கருவி தொடங்கப்படுகிறது எனக் கொள்வோம். முதல் சில நாள்கள் பகலில், தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மட்டும் அணிந்து பழகுகிறார். பின்னர் இரவுக்கு மாறுகிறார். உள்மூச்சு அழுத்தம் சிறிது சிறிதாக 16 வரை உயர்த்தப்படுகிறது. சில வாரங்களில் அவர் இரவில் ஏழு மணி நேரம் வரை கருவியுடன் உறங்குகிறார். மறுபரிசோதனையில் கரியமில வாயு 44-க்கு இறங்குகிறது. காலைத் தலைவலி நிற்கிறது. இரவில் தசைகள் ஓய்வெடுப்பதாலும், கரியமில வாயுவுக்கு மூளையின் உணர்திறன் மீள்வதாலும், கருவி அணியாத பகல் வேளையிலும் சுவாசம் மேம்படுகிறது.

பயன் கிடைக்கவில்லை எனில், காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். மாஸ்க் விளிம்பில் காற்றுக் கசிந்தால் கண்கள் உறுத்தும். கருவியும் மூச்சைச் சரியாக உணராது. மூக்கு மாஸ்க் அணிந்தவரின் வாய் உறக்கத்தில் திறந்துகொண்டால், உள்ளே சென்ற காற்று வாய்வழி வெளியேறிவிடும். இதற்குத் தாடையைத் தாங்கும் பட்டை அல்லது வாயையும் மூடும் மாஸ்க் தீர்வாகலாம். மூக்குத்தண்டில் புண் ஏற்பட்டால், வேறு வடிவ மாஸ்க்கை மாற்றி மாற்றி அணிய வேண்டும். எச்சில் அதிகமாகத் தேங்கினால் அதைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. கைகளை அசைக்க இயலாதவருக்கு, மாஸ்க்கைத் தானே கழற்ற முடியாது என்ற அச்சம் இருக்கும். வாய் முழுவதையும் மூடும் மாஸ்க் அணிந்து வாந்தி எடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகும். எனவே, தலை அசைவிலோ பாதத்திலோ இயக்கக்கூடிய அழைப்பு மணி அவருக்கு அவசியம்.

ஆய்வு தரும் சான்று

ஏ.எல்.எஸ். நோயில் இக்கருவியின் பயனை நிறுவிய முக்கியமான ஆய்வு, 2006-ஆம் ஆண்டு 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியானது. பிரிட்டனின் நியூகாசில் நகரில் 41 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட அந்த ஆய்வில், விழுங்கும் தசைகளும் பேச்சுத் தசைகளும் ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு, கருவியால் ஆயுள் சுமார் 205 நாள்கள் நீடித்தது. இந்நோய்க்கு வழங்கப்படும் ரிலுசோல் மருந்து, தொடக்கக்கால ஆய்வுகளில் ஆயுளை இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை நீட்டித்ததுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே ஆய்வில், தொண்டைத் தசைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் நீடிக்கவில்லை. எனினும், உறக்கம் தொடர்பான அறிகுறிகள் தணிந்தன. கருவி தசைகளின் சிதைவைத் தடுப்பதில்லை என்பதையும் நோயாளியிடம் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல, இரவில் மட்டும் தேவைப்பட்ட கருவி பகலிலும் தேவைப்படும். ஒரு கட்டத்தில் நாள் முழுவதும் தேவைப்படலாம்.

இருமலின் விசையும் முக்கியம்

மூச்சை இழுக்கும் தசைகளைப் போலவே, இருமும் தசைகளும் வலுவிழக்கின்றன. நலமாக உள்ள பெரியவர் இருமும்போது காற்று நிமிடத்துக்கு 360 லிட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். அது 270-க்குக் கீழே குறைந்தவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலே நுரையீரல் அடைப்பாக மாறலாம். 160-க்குக் கீழே சென்றால், சளியைத் தானே வெளியேற்ற இயலாது. ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும், விலை குறைந்த உச்ச வேகமானியில் மாஸ்க் ஒன்றை இணைத்து இதை அளக்கலாம்.

அம்பு பையால் இரண்டு அல்லது மூன்று முறை அடுத்தடுத்துக் காற்றைச் செலுத்தி நுரையீரலை நிரப்பி, நோயாளி இருமும் அதே கணத்தில் மேல்வயிற்றில் கையால் அழுத்தும் முறையைப் பிசியோதெரபி நிபுணர் குடும்பத்தினருக்குக் கற்றுத்தருவார். உணவு உண்டவுடன் இதைச் செய்யக் கூடாது. இது போதாதபோது, காற்றை உள்ளே செலுத்தி உடனே உறிஞ்சும் இருமல் உதவிக் கருவி பயன்படும். சளி நிறைந்த நுரையீரலில் பைபாப் கருவி பயனளிக்காது என்பதால், இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

நாள்களை எண்ணக் கூடாத நோய்கள்

மேலே கூறியவை மாதக்கணக்கில் மெல்ல வளரும் பாதிப்புக்குப் பொருந்தும். கியான்-பாரே நோயிலும் மயஸ்தீனியா நெருக்கடியிலும் சில மணி நேரங்களிலோ ஓரிரு நாள்களிலோ சுவாசம் நின்றுபோகலாம். காலில் தொடங்கிய பலவீனம் மேலேறி வருதல், கழுத்தைத் தூக்க இயலாமை, விழுங்கும்போது புரையேறுதல், குரல் மாறுதல் ஆகியவை தென்பட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். அங்கு மூச்சுக் கொள்ளளவைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 லிட்டருக்குக் கீழே அது குறைந்தால், வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். இந்நோய்களில் தசைகள் மீளக்கூடியவை என்பதால், பெரும்பாலும் வென்டிலேட்டர் ஒரு தற்காலிகப் பாலமாகவே அமைகிறது.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

இரவு முழுவதும் கருவியை நம்பியிருப்பவருக்கு மின்தடை ஓர் அபாயமாகும். கருவிக்குத் தனியாக இன்வெர்ட்டரோ பேட்டரியோ இருக்க வேண்டும். அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை, நோயாளி விழித்திருக்கும் பகல் வேளையில் இயக்கிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாகக் கருவி தேவைப்படுபவருக்கு, உள்ளேயே பேட்டரி உள்ள கருவியும் மாற்றுக் கருவி ஒன்றும் தேவை. அம்பு பை ஒன்று படுக்கையருகே எப்போதும் இருக்க வேண்டும். அதை இயக்க வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயின் பெயர், கருவியின் அழுத்த அளவுகள், வழக்கமான கரியமில வாயு அளவு, 'கருவியின்றி ஆக்சிஜன் மட்டும் தர வேண்டாம்' என்ற குறிப்பு, சிகிச்சை தரும் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவமனைக்குச் செல்லும்போது கருவியுடன் எடுத்துச் செல்வது நல்லது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருப்பவருக்கு இந்நோய் குறித்த அனுபவம் இல்லாமல் இருக்கலாம்.

வயிற்றின் வழியாக உணவுக் குழாய் பொருத்தும் முடிவும் இதனுடன் பிணைந்ததே. மூச்சுக் கொள்ளளவு 50 சதவீதத்துக்குக் கீழே சென்ற பின்னர் அந்தச் சிகிச்சையின்போது ஆபத்து கூடுகிறது. ஆகவே, விழுங்குவதில் சிரமம் தொடங்கியவர்கள் அதை முன்னதாகவே முடிவு செய்வது பாதுகாப்பானது.

அவசரத்தில் எடுக்கப்படும் முடிவு

இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21-ஆவது வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1985-இல் ஜெனிவா பயணத்தின்போது அவருக்கு நிமோனியா ஏற்பட்டு, வென்டிலேட்டரில் சேர்க்கப்பட்டார். கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் அவரது மனைவி ஜேனிடம் கேட்டனர். அவர் மறுத்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டது. ஹாக்கிங் குரலை இழந்தார். ஆனால், 2018 மார்ச் வரை வாழ்ந்தார். அவரது நோய் மிக அரிதாகவே காணப்படும் மெதுவான வகையைச் சேர்ந்தது. எனினும், நோயாளி பேச இயலாத ஒரு தருணத்தில், அந்தக் கேள்வி அவரது மனைவியிடமே கேட்கப்பட்டது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தக்கூடியது.

கழுத்துத் துளை வழியாக வென்டிலேட்டர் பொருத்தினால், ஏ.எல்.எஸ். நோயாளி பல ஆண்டுகள் வாழ முடியும். அதற்கு இரவும் பகலும் சளியை உறிஞ்சி எடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். நோய் தொடர்ந்து வளர்வதால், அசைவுகள் அனைத்தையும் இழக்கும் நிலையும் வரலாம். சிலர் இதை ஏற்கின்றனர்; சிலர் வேண்டாம் என்கின்றனர். கரியமில வாயு உயர்ந்து நினைவு மங்கிய பின்னர் நோயாளியிடம் இதைக் கேட்க இயலாது. இரவு நேரக் கருவியைத் தொடங்கும் காலகட்டமே இதைப் பேசுவதற்கு உரிய நேரம் என்று மருத்துவர்கள் கருதுவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்கு உரிமை உண்டு என்பதை, 'காமன் காஸ்' வழக்கில் 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கும் அந்தத் தீர்ப்பு ஏற்பளித்தது. அதில் வகுக்கப்பட்ட நடைமுறை கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24-ஆம் தேதி அது எளிமையாக்கப்பட்டது.

அதன்படி, 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் இந்த ஆவணத்தை எழுதலாம். இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெற வேண்டும். முன்னர் தேவைப்பட்ட நீதித்துறை நடுவரின் ஒப்புதல் கையொப்பம் இப்போது தேவையில்லை. தம்மால் முடிவெடுக்க இயலாதபோது தம் சார்பில் முடிவெடுக்க, ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கிய உறவினர்களையோ பாதுகாவலர்களையோ பெயர் குறிப்பிட்டு நியமிக்கலாம். ஆவணத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம் அல்லது மாற்றலாம்.

குணமடையும் நம்பிக்கையற்ற நிலையில், நோயாளி முடிவெடுக்கும் திறனை இழந்த பின்னரே ஆவணம் நடைமுறைக்கு வரும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய மருத்துவமனைக் குழு முதலில் ஆராயும். பின்னர், மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு அதை உறுதிசெய்ய வேண்டும். இரு குழுக்களும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சையை விலக்கும் முன்னர் நீதித்துறை நடுவருக்கு மருத்துவமனை தகவல் அளிக்கும். இந்த நடைமுறையைச் செயல்படுத்துவதற்கான உத்தரவைக் கர்நாடக அரசின் சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் பிறப்பித்தது.

ஆவணத்தில் "செயற்கைக் கருவிகள் வேண்டாம்" என்று பொதுவாக எழுதுவது குழப்பத்தை உண்டாக்கும். மாஸ்க் வழியான கருவி, தொண்டைக்குழாய், கழுத்துத் துளை, உணவுக் குழாய், இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். நிமோனியா போல் மீளக்கூடிய காரணம் இருந்தால், சில நாள்களுக்கு மட்டும் வென்டிலேட்டரை ஏற்பதாகவும் எழுதலாம்.

கருவி வேண்டாம் என்று முடிவெடுப்பது, சிகிச்சையே வேண்டாம் என்று ஆகிவிடாது. மூச்சுத் திணறல் உணர்வைத் தணிக்கச் சிறிய அளவிலான மார்ஃபினும், பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளும் நோய்த்தணிப்புச் சிகிச்சை மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படுகின்றன. பயன்பாட்டில் உள்ள கருவியை நோயாளியின் விருப்பப்படி நிறுத்தும்போதும், இம்மருந்துகளை முன்னதாகவே அளித்து, அவர் திணறாதவாறு பார்த்துக்கொள்ள முடியும். எனவே அந்த மருத்துவரின் முதல் சந்திப்பு இறுதி வாரத்தில் அமையாமல், இரவு நேரக் கருவி வீட்டுக்கு வரும் மாதத்திலேயே அமைவது நல்லது.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. கருவியின் அளவுகளையும் மருந்துகளையும் நரம்பியல் அல்லது நுரையீரல் மருத்துவரின் ஆலோசனைப்படியே தீர்மானிக்க வேண்டும்.)